மகளின் ஜாதகச் சுருக்கம்

எங்கள் மகள் ஈஸ்வர ஆண்டு சித்திரை மாதம் செவ்வாய்க்கிழமை பின்னிரவு 3.00 மணிக்கு, அதாவது 23.4.1997 அன்று அதிகாலையில், கும்பகோணத்தில் பிறந்தாள். நட்சத்திரம் சுவாதி 1ஆம் பாதம்; ராசி துலாம்; லக்கினம் கும்பம். பிறந்த நேரம் பாட்டி கடிகாரம் பார்த்துக் குறித்தது என்பதால் சில நிமிட வேறுபாடு இருக்கலாம். ஆயினும் லக்கினம் மாறாது.

லக்கினத்துக்கு 7இல், சிம்மத்தில் செவ்வாய் நிற்பதால் செவ்வாய் தோஷம் உண்டு. சிம்மச் செவ்வாய்க்குத் தோஷமில்லை என்று விலக்குச் சொல்லும் ஜோதிடர்கள் இருந்தாலும், அதைக் காட்டி இதைச் சுத்த ஜாதகம் என்று எழுத எங்களுக்கு மனமில்லை. 2இல் கேதுவும் 8இல் ராகுவும் இருப்பதால் சர்ப்ப தோஷமும் உண்டு. 3இல் சூரியன் உச்சம்; 12இல் குரு நீசம். பிறப்பில் ராகு திசை இருப்பு சுமார் 14 ஆண்டுகள். குரு திசை 2027 வரை நடக்கும்.

பொருத்தமான தோஷ ஜாதகம் உள்ள வரனையே எதிர்பார்க்கிறோம். ராசி, நவாம்சக் கட்டங்களை முழுமையாக அனுப்புகிறோம். தங்கள் குடும்ப ஜோதிடரிடம் காட்டிப் பார்த்த பிறகே பேசலாம்.