முடிவு வரும் வரை பாட: தம்பிக்கு நான்கு பாட்டுகள்

தம்பி, நாளை காலை பத்து மணிக்குத் தேர்வு முடிவு வருகிறது. நீ நான்கு நாட்களாகச் சரியாகத் தூங்கவில்லை. புரண்டு புரண்டு படுப்பது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கிறது. "எல்லாம் நல்லபடியாக வரும்" என்று சொல்ல மாட்டேன். அது எனக்கும் தெரியாது. என் முடிவுக்கு முந்தைய இரவில் அம்மா அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எனக்குத் தாலாட்டு வயது தாண்டி வெகுநாள் ஆகியிருந்தும் பக்கத்தில் உட்கார்ந்து தாலாட்டு ஒன்றை முணுமுணுத்தார். அன்று தூங்கினேன். அதனால் உனக்கும் பாட்டுதான்.

முதல் பாட்டு இரவுக்கு. தாலாட்டுக்குப் பேர்போன நீலாம்பரியில் மெதுவாக இழுத்துப் பாடு. ராகம் பிடிபடாவிட்டால் வெறுமனே முணுமுணுத்தாலும் போதும். ஒரு வரிக்கு ஒரு மூச்சு. மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தணியும். பாடும்போது அது தானாகவே நடந்துவிடுகிறது.

எழுதிய தாள்கள் திருத்தி முடிந்தன,
இனியொரு கோடும் மாறாது;
உழுது விதைத்தபின் விதையைத் தோண்டி
உற்றுப் பார்த்தால் முளைக்காது.

ஏழாம் கேள்வியை இரவில் எழுப்பி
இன்னும் எதற்கு விசாரணை?
பாழாய்ப் போவது தூக்கம் மட்டும்,
பாயில் கிடத்து யோசனை.

நாலு எண்ணி மூச்சை இழுத்து
ஆறு எண்ணி விட்டிடு;
காலும் கையும் கனத்துச் சாயும்,
கண்ணின் கதவைச் சாத்திடு.

ஆராரோ ஆரிரரோ,
ஆறும்வரை நான் பாடவோ?
வாராத தூக்கம் வாசல் வந்தால்
வழியை விட்டு ஓடவோ?

காலையில் எழுந்ததும் கை நடுங்கலாம், வயிறு பிசையலாம். அது கோழைத்தனம் அல்ல. ஓடவோ எதிர்க்கவோ தயாராகும்படி உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. ஓட இடமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால்தான் அது நடுக்கமாகத் தெரிகிறது. அதனால் இரண்டாவது பாட்டு நடப்பதற்கு. கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போ. முதலில் வேகமாகப் பாடு, ஒவ்வொரு சுற்றுக்கும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வா.

நடநட தம்பி நடநட – காலை
நாலடித் தாளத்தில் நடநட;
படபட என்கிற நெஞ்சமும் – உன்
பாதத்தின் பின்னே வரட்டுமே.

"என்ன வரும்?" என்று கேட்பவர் – வழியில்
எத்தனை பேரோ வரட்டுமே;
"பத்து மணிக்குத் தெரிந்திடும்" – என்று
பதிலொன்றை மட்டும் தரட்டும் வாய்.

கடைசி வரியில் சந்தம் கொஞ்சம் இடறுகிறது. மாற்றிப் பார்த்தேன், பொருள் கெட்டது. அப்படியே விட்டுவிட்டேன், இடறும் இடத்தில் ஒருமுறை கை தட்டிக்கொள்.

மூன்றாவது, பத்து மணிக்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் திறப்பதால் முடிவு வரும் இணையப் பக்கம் திணறும். அந்த இரண்டு மூன்று நிமிடங்கள்தான் மிகக் கொடியவை. எனக்கு அவை இன்றும் நினைவில் இருக்கின்றன.

சுற்றிச் சுற்றி வரும் சிறு வட்டம்
சொல்லவில்லை உன் தோல்வியை;
ஒற்றை வாசலில் ஓராயிரம் பேர்,
ஓரம் நிறுத்து உன் கேள்வியை.

இவ்வளவுதான். பக்கம் திறக்கும் வரை இதையே திரும்பத் திரும்பப் பாடு.

நான்காவது பாட்டை எழுதத்தான் வெகுநேரம் ஆனது. வெற்றிக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்று என்று இரண்டு எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன். எது வந்தாலும் உன்னிடம் நான் சொல்லப்போவது ஒன்றே என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

எந்த எண் அங்கே வந்தாலும் – முதலில்
என்னிடம் ஓடி வா தம்பி;
சிந்திய கண்ணீர் மகிழ்ச்சி என்றால் – நாம்
சேர்ந்து குதிக்கலாம் வா தம்பி.

குறைந்து வந்தால் கதவடைக்காதே – நான்
கூட இருப்பேன் விடியும்வரை;
மறுகூட்டல் உண்டு, மறுதேர்வும் உண்டு – அதை
மறந்து இரு இன்று முடியும்வரை.

அழவேண்டும் என்றால் அழுதுவிடு – என்
ஆடை நனைந்தால் நனையட்டும்;
விழவேண்டும் என்றால் மடியில் விழு – உன்
விம்மல் மெல்லக் குறையட்டும்.

பத்து அடிக்கும்முன் பயம் வந்தால் – நான்
பக்கத்து அறையில் விழித்திருப்பேன்;
சத்தமில்லாமல் தட்டினால் போதும் – கதவைத்
தாழிடாமல் காத்திருப்பேன்.