பாலக்கோடு ரோட்டுப் பள்ளியின் 32 பக்கப் புத்தகத்தில் நமக்கு வேண்டியது

காவேரிப்பட்டினத்தில் நம் தெருவில் மட்டும் ஆறு வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வருஷம் பள்ளி தேட வேண்டியிருக்கிறது. ஆளுக்கொரு புத்தகம் வாங்கி ஆளுக்கொரு பக்கம் புரட்டுவதற்குப் பதிலாக, பாலக்கோடு ரோட்டில் இருக்கும் அந்த மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியின் 2026-27 சேர்க்கைப் புத்தகத்தை 300 ரூபாய் கொடுத்து வாங்கி முழுசாகப் படித்துவிட்டேன். முதல் 14 பக்கம் தாளாளர் செய்தி, முதல்வர் செய்தி, போன வருஷம் பத்தாம் வகுப்பில் மார்க் எடுத்த பிள்ளைகளின் படங்கள். அதைத் தாண்டிவிடலாம்.

முதலில் கட்டணம், ஏனென்றால் எல்லாரும் கேட்பது அதுதான். 17ஆம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது டியூஷன் ஃபீஸ் மட்டும்: எல்கேஜி, யூகேஜி 18,000, ஒன்று முதல் ஐந்து வரை 22,500, ஆறு முதல் எட்டு வரை 27,000, ஒன்பது பத்துக்கு 32,000, பதினொன்று பன்னிரண்டுக்கு 41,000. இதைப் பார்த்துவிட்டு "பரவாயில்லையே, கிருஷ்ணகிரிப் பக்கம் இதைவிட அதிகம்" என்று நானும்தான் நினைத்தேன். மிச்சமெல்லாம் 26ஆம் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கிறது. ஒன்றாம் வகுப்புக்கு நான் கூட்டிப் பார்த்தது இது: டியூஷன் 22,500, புத்தகம் நோட்டு 5,800, சீருடை 3,400, கம்ப்யூட்டர் யோகா ஸ்மார்ட் கிளாஸ் எல்லாம் சேர்த்து 'செயல்பாட்டுக் கட்டணம்' 4,000, காவேரிப்பட்டினத்திலிருந்து வேன் 14,000, முதல் வருஷம் மட்டும் சேர்க்கைக் கட்டணம் 5,000, விண்ணப்பம் 300. மொத்தம் 55,000. அதாவது கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் போல இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. வேறு எந்தப் பள்ளியோடு ஒப்பிட்டாலும் இந்தக் கடைசித் தொகையை வைத்து ஒப்பிடுங்கள், டியூஷன் ஃபீஸை வைத்து வேண்டாம்.

பணம் மூன்று தவணை, ஜூன், செப்டம்பர், ஜனவரி. வேன் காசு மட்டும் ஜூனிலேயே முழுசாகக் கட்ட வேண்டும். நடுவில் பிள்ளையை நிறுத்தினால் கட்டியது திரும்ப வராது என்று 29ஆம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது, அதைத் தவறாமல் படியுங்கள். என் பெரியவனை முன்பு வேறொரு பள்ளியில் இந்த மாதிரி வரியைப் பார்க்காமல் சேர்த்துவிட்டு, இரண்டே மாதத்தில் வெளியே எடுத்தபோது ஒரு தவணைப் பணம் போனது போனதுதான்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளுக்கு 2009ஆம் வருஷச் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது, ஒவ்வொரு பள்ளிக்கும் இவ்வளவுதான் வாங்கலாம் என்று உத்தரவு போடும். இந்தப் புத்தகத்தில் அந்த உத்தரவைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆபீசில் கேட்டால் "நோட்டீஸ் போர்டில் இருக்கும் சார்" என்றார்கள், போர்டில் வேன் நேரம்தான் ஒட்டியிருந்தது. சேர்க்கப் போகிறவர்கள் அந்த உத்தரவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

பயிற்று மொழி எல்கேஜி முதல் பன்னிரண்டு வரை ஆங்கிலம், தமிழ் வழிப் பிரிவு கிடையாது. தமிழ் மொழிப்பாடமாகப் பத்தாம் வகுப்பு வரை உண்டு, அது 2006 சட்டப்படி எப்படியும் கட்டாயம். மூன்றாம் வகுப்பிலிருந்து ஹிந்தி, விரும்பினால் மட்டும். வீட்டில் தெலுங்கும் உருதும் பேசுகிற குடும்பங்கள் நம் பக்கம் நிறைய, அந்த மொழிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாடத்திட்டம் சமச்சீர்தான், சிபிஎஸ்இ இல்லை. பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, ஆகவே அந்த 5,800இல் பெரும்பகுதி தனியார் பதிப்பகப் புத்தகமும் பள்ளிப் பெயர் அச்சடித்த நோட்டும்தான்.

புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, பெண் பிள்ளை என்றால் கல்லூரி போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஐந்து வரை தனியாரில் படித்தாலும் ஆறில் மாற்றினால் இரண்டும் கிடைக்கும். அதனால் இப்போது எல்கேஜி சேர்க்கிறவர்கள் பன்னிரண்டு வரைக்கும் கணக்குப் போட்டு மலைத்துப்போக வேண்டாம், முதல் ஏழு வருஷத்துக்கு மட்டும் போட்டுப் பாருங்கள்.

வசதிகளுக்கு எட்டுப் பக்கம், எல்லாம் கலர் படம். நீச்சல் குளப் படத்துக்குக் கீழே 'திட்டமிடப்பட்டுள்ளது' என்று ஓர் ஓரத்தில் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்தேன். மைதானம் நிஜமாகவே பெரிசு, கோ-கோவும் கபடியும் ஒழுங்காக நடக்கிறது. மூன்று ஆய்வகங்களும் இருக்கின்றன. நூலகம் பூட்டியிருந்தது. கழிப்பறை சுத்தம், ஆனால் பெண் பிள்ளைகளுக்கு ஒரு தளத்துக்கு நான்குதான், ஒரு வகுப்பில் 40 பேர் என்பதை யோசித்தால் குறைச்சல். 'சுத்திகரிக்கப்பட்ட குடிநீர்' என்று படம் போட்டிருப்பதை நம் ஊரில் அப்படியே விட முடியாது. ஃப்ளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லில் கறை ஏறியவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். கேட்டதில், ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் அது, வராத நாளில் போர் தண்ணீரை ஆர்ஓவில் விட்டுத் தருகிறோம் என்றார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுப் பாட்டிலையும் கொடுத்து அனுப்புங்கள்.

வேன் காலை 7.20க்குப் பஸ் ஸ்டாண்டில் நிற்கும், தெருவுக்குள் வராது. ஹாஸ்டல் ஆறாம் வகுப்புக்கு மேல் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும், வருஷம் 85,000.

அப்புறம் சேர்க்கை முறை. எல்கேஜிக்கு 80 இடம், ஜூலை 31க்குள் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று நகல் வேண்டும். 'முதலில் வருபவர்க்கு முன்னுரிமை' என்று 21ஆம் பக்கம் சொல்கிறது, 22ஆம் பக்கம் 'பெற்றோருடன் கலந்துரையாடலுக்குப் பின் இறுதி செய்யப்படும்' என்கிறது. இரண்டில் எது என்று புரியவில்லை. இரண்டு முதல் எட்டு வரைக்கு 'அடிப்படைத் தேர்வு' உண்டாம். எட்டாம் வகுப்பு வரை பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. கேட்டால் "பிள்ளையின் நிலை தெரிந்துகொள்ளத்தான், இடம் மறுக்க இல்லை" என்று சொன்னார்கள். அதை எழுதித் தருவீர்களா என்று கேட்டதற்கு டீ சாப்பிடச் சொன்னார்கள்.

அதே சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்துக்கு 'அரசு விதிகளின்படி' என்று ஒரே வரி. பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருப்பவர்களுக்குத்தான் அதில் முதல் உரிமை. அந்தப் பள்ளி நம் ஊரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர், சுற்றிலும் மாந்தோப்பு. நம் தெருக்காரர்கள் அதை நம்பி உட்கார வேண்டாம், அரசின் இணையத்தளம் திறக்கும்போது ஊருக்குள் இருக்கும் பள்ளிகளுக்கு விண்ணப்பம் போடுங்கள்.

பதினொன்றாம் வகுப்புக்கு மார்க் பார்த்துதான் இடம். உயிரியல் கணிதப் பிரிவுக்கு 500க்கு 450, வணிகவியலுக்கு 300. நீட் பயிற்சி 25,000 'விருப்பத்தின் பேரில்', ஆனால் அங்கே படிக்கிற என் அக்கா மகள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உயிரியல் பிரிவில் அதைக் கட்டாத ஆளே இல்லை. ஆக 41,000 என்பது 66,000 ஆகிறது, வேன் தனி.

என் சின்னவளுக்கு விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை. சனிக்கிழமை கிருஷ்ணகிரி சிபிஎஸ்இ பள்ளிக்குப் போகிறேன், யாராவது கூட வருவதானால் வண்டியில் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது.