சேப்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் வரை: வழிப் பட்டியலின் எழுத்துப் படி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நாளை சனிக்கிழமை காலை 6 மணிக்குப் புறப்படுவதாக நேரத்தைக் குறித்து, கைபேசியின் வரைபடச் செயலி காட்டிய வழிப் பட்டியலை அதில் உள்ள வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் ஓட்டும்போது திரையைப் பார்ப்பதில்லை என்பதால், பக்கத்தில் அமர்ந்து பெரியம்மா உரக்க வாசிக்க ஏற்றவாறு ஒவ்வொரு படியையும் முழு வாக்கியமாக எழுதினேன். எண், தெருப்பெயர், தொலைவு, நேரம் ஆகிய நான்கும் செயலி காட்டியவை. அவற்றில் எதையும் சேர்க்கவோ குறைக்கவோ இல்லை. நான் சேர்த்தவை அனைத்தும் 'குறிப்பு' என்ற சொல்லுக்குப் பின்னால் மட்டுமே இருக்கும். பெரியம்மா முதலில் படியை வாசித்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் குறிப்பை வாசித்தால் போதும்.

புறப்படும் இடம்: வாலாஜா சாலை, சேப்பாக்கம்.
சேருமிடம்: கடற்கரைக் கோயில், மாமல்லபுரம்.
மொத்தத் தொலைவு: 55 கி.மீ.
மொத்த நேரம்: 1 மணி 19 நிமிடம்.
சென்று சேரும் நேரம்: காலை 7.19.
வழி: கிழக்குக் கடற்கரைச் சாலை. இவ்வழியில் சுங்கக் கட்டணம் உண்டு.

படி 1. வாலாஜா சாலையில் கிழக்கு நோக்கிச் செல்லவும். 550 மீட்டர், 2 நிமிடம்.

குறிப்பு: விடுதி வாசலை விட்டு வெளியேறும்போதே டிரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பின்னால் வரும் நீண்ட படியில் அதுதான் உதவும்.

படி 2. வலப்புறம் திரும்பி, காமராஜர் சாலையில் செல்லவும். 2.8 கி.மீ., 6 நிமிடம்.

குறிப்பு: கடல் உங்கள் இடப்புறம் இருக்க வேண்டும். மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம், ராணி மேரிக் கல்லூரி ஆகியவை வலப்புறம் வரிசையாக வரும். விடியற்காலையில் மெரினாவில் நடைப்பயிற்சிக்கு வருவோர் சாலையைக் குறுக்கே கடப்பதால், சாலை காலியாகத் தெரிந்தாலும் வேகம் வேண்டாம்.

படி 3. கலங்கரை விளக்கத்தின் அருகே சாந்தோம் நெடுஞ்சாலையில் தொடர்ந்து செல்லவும். 2.1 கி.மீ., 5 நிமிடம்.

குறிப்பு: கலங்கரை விளக்கம் பகுதியில் மெட்ரோ ரயில் பணியை ஒட்டிப் போக்குவரத்தைத் திருப்பிவிடுவது உண்டு. காவலர்கள் உங்களை இடப்புறம் லூப் சாலைக்கு அனுப்பினால் தயங்காமல் போங்கள். அது கடலோரமாகவே சென்று பட்டினப்பாக்கத்தில் வந்து சேர்ந்துவிடும். அப்படி நேர்ந்தால் இந்தப் படியை விட்டுவிட்டு 4-ஆம் படியிலிருந்து வாசிக்கவும். நேராகச் சென்றால் சாந்தோம் தேவாலயத்தின் வெண்ணிறக் கோபுரம் இடப்புறம் தெரியும்.

படி 4. டாக்டர் டி.ஜி.எஸ். தினகரன் சாலையில் தொடர்ந்து செல்லவும். 1.7 கி.மீ., 4 நிமிடம்.

படி 5. இடப்புறம் திரும்பி, திரு.வி.க. பாலத்தின் மேல் செல்லவும். 700 மீட்டர், 2 நிமிடம்.

குறிப்பு: பாலத்துக்கடியில் ஓடுவது அடையாறு. 4-ஆம் படி முடிவதற்குள்ளேயே இடப்பக்கத் தடத்துக்கு வந்துவிடுவது நல்லது. சிக்னலுக்கு அருகில் வந்தபின் தடம் மாறுவது சிரமம்.

படி 6. லாட்டிஸ் பிரிட்ஜ் சாலையில் தொடர்ந்து செல்லவும். 3.2 கி.மீ., 8 நிமிடம்.

குறிப்பு: வழி கேட்க நேர்ந்தால் 'எல்.பி. ரோடு' என்றே கேளுங்கள். செயலி காட்டும் முழுப்பெயரைச் சொன்னால் பலருக்குப் புரியாது. தேநீர் குடிப்பதானால் திருவான்மியூரிலேயே குடித்துவிடலாம். இந்தப் படி முடியும்போது டிரிப் மீட்டர் சுமார் 11 கி.மீ. காட்ட வேண்டும்.

படி 7. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொடர்ந்து செல்லவும். பகுதிச் சுங்கச் சாலை. 41.5 கி.மீ., 47 நிமிடம்.

குறிப்பு: செயலியில் இது ஒரே வரிதான், ஆனால் பயணத்தின் முக்கால் பங்குக்கு மேல் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது. முக்கால் மணி நேரம் எந்த அறிவுரையும் வராதபோது, வழி தவறிவிட்டோமோ என்ற ஐயம் யாருக்கும் எழும். பெரியம்மாவுக்கு அந்த ஐயம் வரக் கூடாது என்பதால், வழியில் வருகின்றவற்றை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயில். அதன் பின் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என்று ஊர்கள் இடைவெளியில்லாமல் வரும். அதுவரை சிக்னல்கள் அதிகம். உத்தண்டியில் சுங்கச்சாவடி, சில்லறையைக் கையிலேயே வைத்திருங்கள். சாவடியைத் தாண்டிய பிறகு வீடுகள் குறைந்து சாலை விரியும். முட்டுக்காட்டில் கழிமுகத்தின் மேல் பாலம் வரும். வலப்புறம் படகுத் துறை இருக்கும். கோவளத்தில் வலப்புறம் பிரியும் சாலை கேளம்பாக்கத்துக்குப் போவது, அதில் திரும்பாமல் நேரே செல்லவும். 1976-இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணை வடநெம்மேலியில் இடப்புறம் வரும். அதற்கப்பால் சாளுவன்குப்பத்தில் புலிக்குகைக்கான பலகை இடப்புறம் தெரியும். அதைக் கண்டதும் 8-ஆம் படியை வாசிக்கத் தொடங்கலாம், ஏனெனில் அங்கிருந்து மாமல்லபுரம் சுமார் 5 கி.மீ. தான்.

படி 8. சாலை பிரியுமிடத்தில் இடப்பக்கமாக ஒதுங்கி, கோவளம் சாலையில் செல்லவும். 1.4 கி.மீ., 3 நிமிடம்.

குறிப்பு: இந்தப் பட்டியலில் தவறவிடக் கூடாத திருப்பம் இதுவே. வலப்பக்கச் சாலை அகலமாகவும் வண்டிகள் விரைவதாகவும் இருப்பதால் கை தானாக அந்தப் பக்கம் போகும். அது ஊருக்குள் வராமல் புதுச்சேரிக்குச் செல்வது. டிரிப் மீட்டர் 52 காட்டியதும் வேகத்தைக் குறைத்து இடப்பக்கத் தடத்தில் வாருங்கள். தவறிப் போய்விட்டாலும் நடுச்சாலையில் நிறுத்தவோ பின்னோக்கி எடுக்கவோ வேண்டாம். நேரே சென்று பூஞ்சேரிச் சந்திப்பில் இடப்புறம் திரும்பினால் ஊருக்குள் வந்துவிடலாம்.

படி 9. கிழக்கு ராஜ வீதியில் தொடர்ந்து செல்லவும். 450 மீட்டர், 2 நிமிடம்.

படி 10. இடப்புறம் திரும்பி, கடற்கரைக் கோயில் சாலையில் செல்லவும். சேருமிடம் வலப்புறம் இருக்கும். 600 மீட்டர், 2 நிமிடம்.

படிகளின் நேரங்களைக் கூட்டினால் 81 நிமிடம் வரும். மேலே செயலி காட்டும் மொத்தமோ 79 நிமிடம். எழுதும்போது நேர்ந்த பிழையோ என்று திரையுடன் மீண்டும் ஒப்பிட்டுவிட்டேன், எண்கள் சரியாகவே உள்ளன. ஒவ்வொரு படியின் நேரத்தையும் செயலி முழு நிமிடமாக்கிக் காட்டுவதால் இந்த வேறுபாடு வருகிறது. தொலைவுகளின் கூட்டுத்தொகை சரியாக 55 கி.மீ. ஆகிறது. ஆகவே வழியில் ஐயம் வந்தால் கடிகாரத்தைவிட டிரிப் மீட்டரையே நம்புங்கள். காட்டிய நேரம் நீங்கள் எங்கும் நிற்காமல் செல்வதாகக் கொண்ட கணக்கு. தேநீருக்கும் சுங்கச்சாவடிக்கும் சேர்த்து 7.45 என்று வைத்துக்கொண்டால் அவசரம் இருக்காது. கோயில் வளாகத்தைக் காலை 6 மணிக்கே திறந்துவிடுவார்கள் என்பதால், வெயில் ஏறும் முன் பார்த்து முடிக்க அது போதுமான நேரம்.

6 மணிக்கு முன்பே புறப்பட்டாலும் படிகளின் வரிசையும் தொலைவும் மாறா. ஆனால் 8 மணிக்குமேல் புறப்படுவதாக இருந்தால் எனக்கு ஒரு அழைப்பு கொடுங்கள். அந்த நேரத்துக்குச் செயலி வேறு வழி காட்டக்கூடும், பார்த்துப் புதிதாக எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்