பத்தடி இடம், மூன்று அடுப்பு: கடலூர் தெருவோர உணவுக் கடைகள் பற்றி ஒரு கட்டுரை யோசனை

மதிப்பிற்குரிய ஞாயிறு இணைப்பிதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூரில் மூன்றாம் ஆண்டு தமிழ் இலக்கியம் படிக்கிறேன். பத்திரிகைகளுக்குத் தனியாகவும் எழுதி வருகிறேன்.

திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய தெரு ஒன்றில், பல மாதமாகப் பூட்டிக் கிடக்கும் கடையின் முன்னால் பத்தடி இடம் இருக்கிறது. விடிகாலை ஐந்து மணி முதல் ஒன்பது வரை அங்கே ஓர் அக்கா இட்லி விற்கிறார். மாலை நான்குக்கு ஒரு தம்பதியின் பஜ்ஜி வண்டி வந்து நிற்கிறது. எட்டரைக்கு மேல் கொத்து பரோட்டாச் சத்தம். மூவருக்குள்ளும் எழுதிவைத்த ஒப்பந்தம் எதுவுமில்லை. போகிறவர் தரையைக் கழுவி, வருகிறவருக்கு ஒரு குடம் தண்ணீர் நிரப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பத்தடியின் ஒரு முழு நாளை உங்களுக்கு எழுதித் தர விரும்புகிறேன்.

தெருக்கடை என்றாலே ருசியைத்தான் எழுதுகிறார்கள், தவறினால் கண்ணீரை. என்னை இழுத்தது இட்லிக்கார அக்காவின் மாவு டப்பாவுக்கடியில் இருக்கும் தண்டல் அட்டை. பத்தாயிரம் என்று எழுதி, கையில் எட்டாயிரத்து ஐந்நூறு கொடுக்கிறார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். கட்டிய நாளுக்கெல்லாம் ஒரு கையெழுத்து. மழையால் கடை போடாத நாள்களில் அந்தக் கட்டம் காலியாக நிற்கிறது, மறுநாள் இருநூறு. 2020இல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் பிணையில்லாமல் முதல் கடனாகப் பத்தாயிரம் தந்தார்களே என்று கேட்டேன். "பேங்க் திறக்கிற நேரம்தானே நான் தூங்குகிற நேரம்?" என்றார். இரவு இரண்டு மணிக்கு எழுபவர் அவர்.

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் விற்பனைச் சான்றிதழ் வழங்கச் சொல்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மூன்று பேர் மாறி மாறி நிற்கும் இடத்துக்குச் சான்றிதழ் யார் பெயரில் என்பதை நகராட்சி, மாநகராட்சி விதிகள் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சேர்ப்பேன்.

மூன்று வாரமாக அங்கே போய் உட்கார்ந்து வருகிறேன். மூவரும் சம்மதித்துவிட்டார்கள். பஜ்ஜிக் கடையம்மா மட்டும் மகளுக்கு வரன் பார்ப்பதால் முகம் வேண்டாம், கையைப் படமெடுத்துக்கொள் என்றார்.

1,200 சொற்கள், ஆறு படங்கள். நீங்கள் சரி என்றால் பத்து நாளில் அனுப்புகிறேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வந்தால் நல்லது. புரட்டாசியில் பரோட்டாக்காரருக்குக் கூட்டம் குறைவு, நின்று பேசுகிறார்.

மாவட்டச் செய்தி இதழில் வந்த என் இரண்டு கட்டுரைகளை இணைத்திருக்கிறேன். முதலாவதில் நீளம் அதிகம், இரண்டாவதை முதலில் படியுங்கள். உங்கள் இதழில் சன்மானம் எவ்வளவு என்பதையும், படங்களுக்குத் தனியாக உண்டா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
இரா. கயல்விழி
மஞ்சக்குப்பம், கடலூர்