வயிற்று சிடி ஸ்கேன் அறிக்கை: கடுங்கணைய அழற்சி, 5ஆம் நாள்

நோயாளி: ஆண், 41 வயது, 64 கிலோ. குடியாத்தம் வட்டம், விசைத்தறித் தொழிலாளி.
எடுத்த இடம்: வேலூர், அவசரப் பிரிவு ஸ்கேன் அறை.

வந்த காரணம்: மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஓடும் வலி, ஓயாத வாந்தி. வலி தொடங்கி ஐந்தாம் நாள். முதல் இரண்டு நாள் வாய்வுத் தொல்லை என்று ஊரிலேயே மாத்திரை. தினமும் மதுப்பழக்கம். லைபேஸ் 1,240 யூனிட், கிரியேட்டினின் 1.0.

எடுத்த முறை: முதலில் காண்ட்ராஸ்ட் இல்லாமல் ஒரு சுற்று. பிறகு 95 மி.லி. அயோடின் காண்ட்ராஸ்ட், நொடிக்கு 3.5 மி.லி. வேகத்தில். 40ஆம் நொடியில் கணையத்துக்கு, 70ஆம் நொடியில் போர்டல் சிரைக்கு. வாய்வழிக் காண்ட்ராஸ்ட் கொடுக்கவில்லை, வாந்தி நிற்கவில்லை.

கண்டவை

கணையம் முழுவதும் வீங்கியிருக்கிறது. தலை 3.4, உடல் 3.0, வால் 3.1 செ.மீ. ஓரங்கள் மங்கி, வழக்கமாகத் தெரியும் மடிப்புகள் மறைந்துவிட்டன. சுற்றிலும் கொழுப்பு கலங்கிக் கோடு கோடாகத் தெரிகிறது. பெரும்பகுதி திசு காண்ட்ராஸ்டைச் சீராக வாங்குகிறது (95 முதல் 110 ஹவுன்ஸ்ஃபீல்ட்). கணைய நாளம் 2 மி.மீ., விரிவு இல்லை. கால்சியப் படிவோ நாளத்தில் கல்லோ இல்லை.

உடலும் வாலும் சேரும் இடத்தில் 1.4 × 1.1 செ.மீ. அளவுக்கு ஒரு திட்டு மட்டும் தனித்துத் தெரிகிறது. காண்ட்ராஸ்டுக்கு முன் 32, பின் 61. முற்றிலும் செத்த திசு காண்ட்ராஸ்டை வாங்கவே வாங்காது. இது பாதி வாங்கியிருக்கிறது. வீக்கத்தின் அழுத்தத்தாலும் முதல் வாரத்தில் இப்படி ஆகலாம். ஆகவே இப்போதைக்கு இதை நெக்ரோசிஸ் என்று எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை.

நீர் இரண்டு இடங்களில். இடது சிறுநீரகத்துக்கு முன்புறம் 7.2 × 2.6 செ.மீ., இரைப்பைக்குப் பின்னால் 4.1 × 1.8 செ.மீ. அடர்த்தி 8 முதல் 14. சுவர் இல்லை, உள்ளே கட்டி கட்டியான பொருளோ காற்றுக் குமிழோ இல்லை. இடது கெரோட்டா உறை 5 மி.மீ. தடிப்பு. பெருங்குடலின் மண்ணீரல் வளைவிலும் டுவோடினத்தின் இரண்டாம் பகுதியிலும் சுவர் வீக்கம். இது பக்கத்து அழற்சியின் விளைவே, அடைப்பு இல்லை.

மண்ணீரல் சிரை நசுங்கி 5 மி.மீ. ஆகியிருக்கிறது; ஆனாலும் காண்ட்ராஸ்ட் நிறைந்து ஓடுகிறது, த்ராம்பஸ் இல்லை. போர்டல் சிரை, மேல் மெசென்டெரிக் சிரை திறந்திருக்கின்றன. மண்ணீரல் தமனியிலும் டுவோடினத் தமனியிலும் சூடோஅனியூரிசம் தெரியவில்லை.

பித்தப்பையில் கல் தெரியவில்லை. பொதுப் பித்தநாளம் 5 மி.மீ. கொலஸ்ட்ரால் கல் சிடியில் ஒளிந்துகொள்ளும் என்பதால், மதுவை மட்டும் காரணமாக வைத்துத் தேடலை முடித்துவிட வேண்டாம். கல்லீரலில் கொழுப்பு. இடது நுரையீரல் உறையில் 1.6 செ.மீ. நீர், அடிப்பகுதியில் சிறு சுருக்கம். இடுப்புக்குழியில் கொஞ்சம் நீர். மற்ற உறுப்புகளில் சொல்லத்தக்கது இல்லை.

முடிவு

வீக்க வகைக் கடுங்கணைய அழற்சி, கணையத்தைச் சுற்றிச் சுவரற்ற நீர்த்தேக்கம். திருத்தப்பட்ட சிடி தீவிரக் குறியீடு 10க்கு 6: நீர்த்தேக்கத்துக்கு 4, நெக்ரோசிஸுக்கு 0, நுரையீரல் உறை நீருக்கு 2. இது நடுத்தரம். படத்தின் கணக்கு இவ்வளவுதான். சிறுநீரகமோ நுரையீரலோ 48 மணி நேரத்துக்கு மேல் தளர்ந்து நின்றால் நோய் கடுமையானது, இந்த எண் என்ன சொன்னாலும்.

பரிந்துரை

நீரை இப்போது ஊசி போட்டு எடுக்க வேண்டாம். இத்தகைய நீர் பெரும்பாலும் தானே வற்றும். சுத்தமான நீரில் குழாய் வைத்தால் நாமே கிருமியை உள்ளே விடுவோம். 4 வாரம் தாண்டியும் சுவர் கட்டி நின்றால்தான் சூடோசிஸ்ட் என்று பெயர்.

10ஆம் நாள் வாக்கில் காண்ட்ராஸ்டுடன் மறு சிடி. அந்தத் திட்டு அப்போதும் கறுப்பாக இருந்தால் நெக்ரோசிஸ். பக்கத்து நீருக்கும் பெயர் மாறும், சிகிச்சைப் போக்கும் மாறும். கிரியேட்டினின் ஏறினால் காண்ட்ராஸ்ட் இல்லாத எம்ஆர்ஐ போதும். நீருக்குள் திடப்பொருள் கிடக்கிறதா என்பதை அது சிடியைவிட நன்றாகக் காட்டும்.

அதற்கு முன்பே காய்ச்சல் திரும்பினாலோ வெள்ளை அணு ஏறினாலோ காத்திருக்க வேண்டாம், உடனே சிடி எடுக்கவும். நீரில் காற்றுக் குமிழ் வந்திருந்தால் தொற்று என்றே கொள்ளவும். ஹீமோகுளோபின் திடீரென இறங்கினாலோ கறுப்பு மலம் போனாலோ, முதலில் தமனிக் கட்ட சிடி. சூடோஅனியூரிசம் இருப்பது தெரியாமல் குழாய் வைப்பதில்தான் உயிர் போகும். மண்ணீரல் சிரை ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் மறு ஸ்கேனில் அதை முதலில் பார்ப்போம்.

பித்தப்பைக்கு அல்ட்ராசவுண்ட், இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு, கால்சியம் பார்க்கவும். வயிறு இறுகிச் சிறுநீர் குறைந்தால் சிறுநீர்ப்பை அழுத்தம் அளக்கவும்.

திட்டு பற்றியும் சிரை பற்றியும் வார்டு டூட்டி டாக்டருக்கு மாலை 6.40க்கு போனில் சொல்லப்பட்டது.