வாடிக்கையாளர் தேடலில் _ அல்லது % இருந்தால் தொடர்பில்லாத பதிவுகள் வருகின்றன

தீவிரம்: அதிகம். தேடலில் தவறான வாடிக்கையாளரின் பதிவு முன்னே வந்து நிற்கிறது.

உதவி மையத்தில் ஒருவர் AR_10 என்ற குறியீடுள்ள வாடிக்கையாளரின் முகவரியை மாற்ற முயன்றபோதுதான் இது வெளிப்பட்டது. குறியீட்டை அப்படியே ஒட்டித் தேடியிருக்கிறார். பட்டியலில் முதலில் வந்த பதிவைத் திறந்து, புதிய முகவரியையும் தட்டச்சு செய்துவிட்டார். சேமிக்கும் முன் பெயரைப் பார்த்ததால் தப்பியது. அவர் திறந்திருந்தது AR-10. அவர் மீது தவறில்லை. முழுக் குறியீட்டையும் சரியாகக் கொடுத்த ஒருவர், முதலில் வருவது தாம் கேட்டதுதான் என்று நம்புவது இயல்பு.

மீண்டும் நிகழ்த்திப் பார்க்க, சோதனைத் தரவுத்தளத்தில் AR_10, AR_105, AR-10, AR110, ARX10 ஆகிய ஐந்து குறியீடுகளைச் சேர்த்து AR_10 என்று தேடுங்கள். வர வேண்டியவை AR_10, AR_105 இரண்டும்தான். குறியீட்டின் எந்தப் பகுதியைக் கொடுத்தாலும் தேடலாம் என்பது நாம் விரும்பி வைத்த நடத்தை. ஆனால் ஐந்தும் வருகின்றன. அடுத்து % என்று மட்டும் தேடினால், குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்ற கட்டுப்பாடு தடுத்துவிடுகிறது. %%% என்று கொடுத்தால் கட்டுப்பாடு வழிவிடுகிறது. வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் பக்கம் பக்கமாகத் திறந்துகொள்கிறது. பட்டியலை மொத்தமாகப் பார்க்க முடியாதபடி அந்தக் கட்டுப்பாட்டை வைத்தோம். அது இன்று வெறும் எழுத்து எண்ணிக்கையாக நிற்கிறது.

காரணம் இந்த வினவலில் இருக்கிறது:

```sql
SELECT id, code, name
FROM customers
WHERE code ILIKE '%' || $1 || '%'
ORDER BY code
LIMIT 50 OFFSET $2;
```

LIKE, ILIKE இரண்டிலும் வலப்பக்கம் இருப்பது சாதாரணச் சொல் அல்ல, ஒரு வடிவம். அதில் % என்பது எத்தனை எழுத்துக்கும் பொருந்தும், எழுத்தே இல்லாவிட்டாலும் பொருந்தும். அடிக்கோடு சரியாக ஓர் எழுத்துக்குப் பொருந்தும், அது எந்த எழுத்தானாலும் சரி. ஆகவே AR_10 என்பதைத் தரவுத்தளம் "AR, பிறகு ஏதாவது ஓர் எழுத்து, பிறகு 10" என்று படிக்கிறது. இடைக்கோடும் பொருந்துகிறது, 1 என்ற இலக்கமும் பொருந்துகிறது, X உம் பொருந்துகிறது. தரவுத்தளம் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. பயனர் எழுத்தாகக் கொடுத்ததை நாம்தான் கட்டளையாக மாற்றி அனுப்புகிறோம்.

"பாராமீட்டராகத்தானே அனுப்புகிறோம், பிறகு என்ன ஆபத்து?" என்ற கேள்வி குழுவில் எழுந்தது. இது பரவலான குழப்பம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். $1 வழியாக அனுப்பும்போது, பயனர் தந்த உரை எஸ்க்யூஎல் கட்டளையின் பகுதியாக மாறாது. மேற்கோள் குறி இட்டு வினவலை உடைக்க முடியாது. அந்தப் பாதுகாப்பு முழுமையானது. ஆனால் அது கட்டளையின் இலக்கணத்தை மட்டுமே காக்கிறது. மதிப்பு பத்திரமாக உள்ளே போன பிறகு, அதை வடிவமாகப் படிப்பது LIKE. அந்த இரண்டாவது இலக்கணத்தைப் பற்றிப் பாராமீட்டருக்கு எதுவும் தெரியாது. இரண்டு அடுக்குக்கும் இரண்டு தனிப் பாதுகாப்புகள் வேண்டும்.

பெயர்த் தேடலிலும் இதே வினவல் வடிவம்தான். அங்கே தமிழ்ப் பெயர்கள் இருப்பதால் இன்னொன்றும் நடக்கிறது: அடிக்கோடு ஒரு யூனிகோடு குறியெண்ணை ஓர் எழுத்தாக எண்ணுகிறது. நம் கண்ணுக்குக் "கி" ஓர் எழுத்து. தரவுத்தளத்துக்கு அது க, இகரக் குறி என இரண்டு. அதனால் "க_" என்ற வடிவம் "கி", "கு" போன்றவற்றோடும் பொருந்திவிடும்.

பின்சாய்வுக்கோடும் இதே குடும்பத்தில் சேர்ந்ததுதான், ஆனால் எதிர்த்திசையில் கெடுக்கிறது. போஸ்ட்கிரெஸில் வேறு ஏதும் சொல்லாவிட்டால் LIKE வடிவத்தின் எஸ்கேப் குறி அதுதான். AR\ என்று தேடினால் வடிவம் `%AR\%` ஆகிறது. கடைசியில் நாம் சேர்த்த % தன் சக்தியை இழந்து, AR% என்று முடியும் குறியீடுகளை மட்டும் தேடுகிறது. இருக்கும் பதிவும் கிடைக்காது.

திருத்தம் சிறியது. பயனர் தந்த உரையில் உள்ள சிறப்புக் குறிகளுக்கு முன் எஸ்கேப் குறி சேர்க்க வேண்டும். எது எஸ்கேப் குறி என்பதை வினவலிலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

```python
def escape_like(text):
    return (text.replace("!", "!!")
                .replace("%", "!%")
                .replace("_", "!_"))
```

```sql
WHERE code ILIKE '%' || $1 || '%' ESCAPE '!'
```

வரிசை முக்கியம். முதலில் ! ஐ இரட்டிக்க வேண்டும். கடைசியில் செய்தால், % க்காகவும் அடிக்கோட்டுக்காகவும் நாமே சேர்த்த ! உம் இரட்டிக்கப்பட்டு, % மறுபடி வைல்ட்கார்டாகிவிடும். இரு பக்கமும் வரும் % நாம் வேண்டுமென்றே சேர்ப்பது; அதைச் செயற்கூறுக்குள் கொண்டுபோகக் கூடாது.

பின்சாய்வுக்கோட்டை விட்டு ! ஐத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பின்சாய்வுக்கோட்டை நிரல்மொழியின் சரங்களும் விழுங்குகின்றன, சில தரவுத்தளங்களின் சரங்களும் விழுங்குகின்றன. எத்தனை இட வேண்டும் என்று எண்ணியே தவறு நேரும். மேலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் ஆரக்கிளிலும் இயல்பான எஸ்கேப் குறி என்று ஒன்று கிடையாது; ESCAPE எழுதாவிட்டால் நாம் சேர்த்த பின்சாய்வுக்கோடு வெறும் எழுத்தாகவே நிற்கும். நம் மாத அறிக்கை எஸ்க்யூஎல் சர்வரில் ஓடுவதால் இது நம்மைத் தொடும். அங்கே [ என்பதும் சிறப்புக் குறி, அந்த வினவலுக்கு மட்டும் `.replace("[", "![")` என்ற வரியையும் சேர்க்க வேண்டும்.

வேறு இரண்டு யோசனைகள் வந்தன. தேடல் பெட்டியில் _ மற்றும் % ஐத் தட்டச்சு செய்யவே விடாமல் தடுப்பது ஒன்று. இதை நான் ஏற்கவில்லை. நம் குறியீடுகளிலேயே அடிக்கோடு இருக்கிறது, தடுத்தால் அந்த வாடிக்கையாளர்களைக் குறியீட்டால் தேடவே முடியாது. மற்றொன்று LIKE ஐ விட்டு `strpos` க்கு மாறுவது. ILIKE போலப் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பாராமலிருக்க இரு பக்கமும் `lower` சேர்த்தால், பொருள் அளவில் அது சரிதான். ஆனால் code நெடுவரிசையில் `pg_trgm` இன்டெக்ஸ் வைத்திருக்கிறோம். ILIKE அதைப் பயன்படுத்திக்கொள்ளும், `strpos` பயன்படுத்தாது. ஒவ்வொரு தேடலும் அட்டவணை முழுவதையும் படிக்க நேரும்.

இணைப்பதற்கு முன் ஓட வேண்டிய சோதனைகள்: AR_10 தேடினால் மேலே சொன்ன இரண்டு மட்டும், %%% தேடினால், உண்மையில் அந்த மூன்று குறிகளும் அடுத்தடுத்து உள்ள பதிவு இல்லாத வரை, எதுவும் வரக்கூடாது, AR! மற்றும் AR\ தேடினால் அந்தக் குறி எழுத்தாகவே பொருந்த வேண்டும். சிறப்புக் குறி இல்லாத "AR1" தேடலின் விடை இன்று இருப்பது போலவே இருக்க வேண்டும்.

இதே வடிவத்தில் பெயர்த் தேடலும் மின்னஞ்சல் தேடலும் இருக்கின்றன. மின்னஞ்சலில் அடிக்கோடு சாதாரணமாக வருவது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் ஒரே மாற்றத்தில் போகும். மாத அறிக்கையின் வினவல் தனி மாற்றமாக வரும், அதைப் பராமரிப்பவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.