செங்கல்பட்டு–கிண்டி ரயில்காரருக்கான ஒரு நாள் சைவ உணவுத் திட்டம்

உங்கள் வயது 38, எடை 74 கிலோ, நாள் முழுக்க நாற்காலி வேலை. அதை வைத்து 1800 கலோரி, 80 கிராம் புரதம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். உட்கார்ந்து வேலை செய்யும் 65 கிலோ ஆணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் சொல்லும் தேவை 2110 கலோரி. அதைவிட 300 குறைவு; எடை மெதுவாக இறங்க இது போதும். அளவெல்லாம் சமைப்பதற்கு முன் எடுத்தவை. வீட்டில் ஒரு சமையல் தராசு இருக்கட்டும், முதல் வாரம் மட்டும் நிறுத்துப் பாருங்கள். அப்புறம் கை பழகிவிடும்.

காலை 5:30: டீ
பால் 100 மில்லி, சர்க்கரை ஒரு டீஸ்பூன். பிஸ்கட் வேண்டாம்.
80 கலோரி, 3 கிராம் புரதம்.

காலை 8:15, ஆபீஸ் போனதும்: பச்சைப்பயறு தோசை
6:40 வண்டியில் நின்றுகொண்டு சாப்பிட முடியாது என்றீர்கள், சரி. டப்பாவை அங்கே போய்த் திறங்கள். பச்சைப்பயறு 60 கிராம், பச்சரிசி 15 கிராம், இரவே ஊறப்போட்டு காலையில் இஞ்சி, பச்சை மிளகாயோடு அரைக்க வேண்டும். புளிக்க வைக்கத் தேவையில்லை. மூன்று தோசைக்கும் சேர்த்து எண்ணெய் ஒன்றரை டீஸ்பூன். மாவை மெல்லியதாக இழுத்தால் ஆறியதும் வறண்டுவிடும். ஊத்தப்பம் மாதிரி கொஞ்சம் கனமாக வார்த்து, நன்றாக ஆறவிட்ட பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து, எட்டு மணிக்குத் தோசை ஈரத்துணி போல் ஆகிவிடும். தொட்டுக்கொள்ள 15 கிராம் வேர்க்கடலையில் கெட்டிச் சட்னி, தாளிக்காமல்.
400 கலோரி, 19 கிராம் புரதம்.

காலை 11:00: மோர், கொய்யா
100 மில்லி தயிரை நீர்மோராக அடித்தது. நடுத்தர அளவில் ஒரு கொய்யா.
130 கலோரி, 4 கிராம் புரதம்.

மதியம் 1:00: சாதம், சாம்பார், மீல் மேக்கர்
அரிசி 60 கிராம். இதைப் பார்த்ததும் முகம் சுருங்கும், தெரியும். சாம்பாரில் உங்கள் பங்குக்குத் துவரம்பருப்பு 30 கிராம் இருக்க வேண்டும். அடியிலிருந்து கலக்கி ஊற்றுங்கள். மேலாக மொண்டால் பருப்பு பாத்திரத்திலேயே தங்கிவிடும். பீன்ஸ் பொரியல் 100 கிராம், தேங்காய் இல்லாமல்.

மீல் மேக்கர் காய்ந்தது 25 கிராம். இதிலிருந்து மட்டும் 13 கிராம் புரதம் வருகிறது, அதனால் இதை விட்டுவிடாதீர்கள். வாடை பிடிக்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் சரியாகப் பிழியாதவர்கள். உப்புப் போட்ட நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, பிழிந்து, குளிர்ந்த நீரில் அலசி, மறுபடி பிழிய வேண்டும். பிறகு வெங்காயம், மிளகுத்தூள், கறிவேப்பிலை போட்டு வறுவல். மதியத்துக்கு மொத்த எண்ணெய் ஒன்றரை டீஸ்பூன், சாம்பார் தாளிப்பும் இதற்குள்ளேயே.
520 கலோரி, 26 கிராம் புரதம்.

மாலை 5:15, ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன்: பொட்டுக்கடலை, டீ
பொட்டுக்கடலை 35 கிராம், டீ காலை அளவே. முதலில் சுண்டல்தான் எழுத நினைத்தேன். காலை ஐந்தரைக்குத் தாளித்த சுண்டல் சென்னை வெயிலில் மாலை வரை தாங்காது. இந்த வேளையைத் தவறவிட்டால் ஏழரைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் கை முறுக்கு டப்பாவுக்குத்தான் போகும். பையின் பக்கவாட்டுப் பையில் ஒரு சின்ன டப்பா எப்போதும் இருக்கட்டும்.
210 கலோரி, 11 கிராம் புரதம்.

இரவு 8:00: சப்பாத்தி, பன்னீர்
கோதுமை மாவு 60 கிராமில் இரண்டு சப்பாத்தி. பன்னீர் 50 கிராம், குடைமிளகாய், தக்காளி, வெங்காயம் சேர்த்துப் பிரட்டல். சப்பாத்திக்கும் சேர்த்து எண்ணெய் ஒன்றரை டீஸ்பூன். பத்து மணிக்குள் படுத்தால்தான் காலை 5:15க்கு எழ முடியும். அதனால் சாப்பாட்டை எட்டரைக்கு மேல் தள்ளாதீர்கள்.
460 கலோரி, 17 கிராம் புரதம்.

தோசை கட்ட முடியாத நாளில் கேன்டீனில் நான்கு இட்லி, சாம்பார் சாப்பிடலாம், வடை வேண்டாம். ஆனால் புரதம் பாதிக்குப் பாதி குறையும். அன்று இரவு பன்னீரை 100 கிராமாக்கி, சப்பாத்தியை ஒன்றாக்குங்கள். ஆபீஸில் மூன்றாவது டீ குடித்தே ஆக வேண்டுமென்றால் சர்க்கரை இல்லாமல் குடியுங்கள், அன்று கொய்யா கிடையாது.